முழங்கால் ஊசிக்குப் பிறகு ஏறிய சுகர்

*டாக்டர், என் அம்மாவுக்கு 63 வயது. முந்திரி அண்டி ஆபீஸில் முப்பது வருடம் தரையில் உட்கார்ந்து வேலை பார்த்தவர். இரண்டு முழங்காலும் தேய்மானம், வலது கால் மோசம். 14 வருடமாகச் சுகர். மெட்பார்மின் 500 காலை, இரவு. கிளிமிபிரைடு 2 மி.கி. காலையில் ஒன்று. போன மாதம் ஒரு திங்கட்கிழமை வலது முழங்காலில் ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். வலி நன்றாகக் குறைந்தது. ஆனால் மறுநாள் ராத்திரி சுகர் 342. பக்கத்து வீட்டு அக்கா சொன்னதைக் கேட்டு அன்று முதல் ராத்திரியும் ஒரு கிளிமிபிரைடு கொடுத்தோம். சனிக்கிழமை விடியற்காலம் அம்மா வியர்த்து நடுங்கினார், பார்த்தால் 61. கருப்பட்டிக் காப்பி கொடுத்தபிறகு தெளிந்தார். இப்போது இடது காலுக்கும் ஊசி வேண்டும் என்கிறார். தெரிந்த ஒருவர் மாதாமாதம் போட்டுக்கொள்கிறாராம். எத்தனை தடவை போடலாம்? போட்டால் சுகரை எப்படிச் சமாளிப்பது? அம்மாவின் சுகர் நோட்டுப் பக்கத்தை இத்துடன் வைத்திருக்கிறேன்.*
*— திருவட்டாரிலிருந்து ஒரு மகள்*

நோட்டுப் பக்கத்தை அனுப்பியது நல்லதாயிற்று. அது இல்லாமல் இந்தக் கேள்விக்குப் பொத்தாம்பொதுவாகத்தான் பதில் சொல்லியிருப்பேன். நீங்கள் பயந்தது 342-ஐப் பார்த்து. நான் பயந்தது 61-ஐப் பார்த்து. முதலாவது ஊசி செய்த வேலை. எதிர்பார்த்ததுதான், தானாகவே இறங்கியிருக்கும். இரண்டாவது நாம் கையால் வரவழைத்தது.

உங்கள் நோட்டில் இருப்பதை வரிசையாகப் பார்ப்போம். ஊசிக்கு முந்தைய நாள் வெறும் வயிற்றில் 148, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு 215. திங்கள் காலை ஊசி. அன்று இரவே 262. செவ்வாய் வெறும் வயிற்றில் 204, மதியம் 318, இரவு 342. புதன் காலை 182, மதியம் 296. வியாழன் காலை 150, மதியம் 251. வெள்ளி காலை 118, மதியம் 224. சனி விடியற்காலம் 61.

முழங்காலுக்குள் போடும் மருந்து அங்கேயே தங்கிவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படித் தங்காது. மூட்டின் உட்புறத்தில் இருக்கும் சவ்வுக்கு ரத்த ஓட்டம் அதிகம். அதன் வழியாக மருந்து மெல்ல மெல்ல உடம்பு முழுக்கப் போய்ச் சேர்கிறது. அம்மாவின் சீட்டில் எழுதியிருப்பது டிரையம்சினோலோன் 40 மி.கி. மாத்திரைக் கணக்கில் சொன்னால் அது பிரெட்னிசோலோன் 50 மி.கி.க்கு நிகர். ஒரே நேரத்தில் இறங்குவதில்லை; மணல்போன்ற நுண்ணிய துகள்களாக மூட்டுக்குள் கிடந்து கரைகிறது. முதல் இரண்டு மூன்று நாளில் கூடுதலாக, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக. சுகர் ஏறுகிற வேகமும் அதே போக்கில்தான் இருக்கும். பெரும்பாலானவர்களுக்கு முதல் நாளிலிருந்து மூன்றாம் நாளுக்குள் உச்சம். ஐந்தாம் நாளுக்குள், சிலருக்கு ஒரு வாரத்துக்குள் பழைய அளவு. 300-ஐத் தொடுவது அபூர்வமில்லை.

ஸ்டீராய்டு உடம்பில் செய்வது இது. ஈரலைப் புதிது புதிதாகச் சர்க்கரை செய்து ரத்தத்தில் கொட்டச் சொல்கிறது. தசைகள் இன்சுலினின் பேச்சைக் கேட்காமல் செய்கிறது. அதனால் சோறு சாப்பிட்ட பிறகு வருகிற சர்க்கரைக்குப் போக இடமில்லாமல் போகிறது. சாப்பாட்டுக்குப் பின்னால் எடுக்கும் அளவுதான் அதிகம் தாண்டும். வெறும் வயிற்று அளவு அவ்வளவு ஏறாது, முதலில் இறங்குவதும் அதுதான். நோட்டில் வெள்ளிக்கிழமையைப் பாருங்கள். மதியம் இன்னும் 224, ஆனால் காலையில் 118. ஊசிக்கு முன்னாலேயே 148 இருந்தவருக்கு 118 என்றால், ஸ்டீராய்டின் பிடி தளர்ந்துவிட்டது, இரவு மாத்திரை மட்டும் முழு பலத்தோடு நிற்கிறது என்று அர்த்தம். அன்று இரவே அந்த மாத்திரையை நிறுத்தியிருக்க வேண்டும்.

கிளிமிபிரைடு கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வெளியே எடுக்கும் மாத்திரை. ஒரு நாள் முழுக்க வேலை செய்யும். சிறுநீரகம் கொஞ்சம் சோர்ந்திருந்தால் இன்னும் நீளும். 14 வருடம் சுகர் இருக்கிறவர், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் எவ்வளவு என்று தெரிந்துவைத்திருப்பது நல்லது. ஸ்டீராய்டால் ஏறியது பகல் சாப்பாட்டு அளவு. நீங்கள் கூட்டியது இரவு மாத்திரை. ஏறிய இடம் ஒன்று, அடித்த இடம் இன்னொன்று. இரவு முழுக்க ஒன்றும் சாப்பிடாமல் கிடக்கிற உடம்பில் அது விடியற்காலம் வந்து நின்றது. பக்கத்து வீட்டு அக்காவைத் திட்ட வேண்டாம். 342-ஐப் பார்த்தால் யாருக்கும் கை மாத்திரைப் பெட்டிக்குத்தான் போகும்.

கருப்பட்டிக் காப்பி காப்பாற்றியது சரி. ஆனால் அடுப்புப் பற்றவைத்துக் காப்பி கொதிக்கிற நேரம் அதிகம். இனி அப்படி நடந்தால் மூன்று தேக்கரண்டி சீனியை அரை டம்ளர் தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள். கால் மணி நேரம் கழித்துத் திரும்பப் பாருங்கள். 70-க்குக் கீழேயே இருந்தால் இன்னொரு முறை அதேபோல். ஏறியதும் கொஞ்சம் கஞ்சியோ இரண்டு இட்டிலியோ சாப்பிட வேண்டும். கிளிமிபிரைடால் இறங்கிய சுகர் ஏறிவிட்டு மறுபடி இறங்கலாம், அதனால் அன்று முழுக்கக் கவனம் தேவை. மயங்கிக் கிடந்தால் மட்டும் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள்.

சரி, அடுத்த ஊசி போடுவதாக இருந்தால் என்ன செய்வது?

முதலில் மூன்று மாத சராசரி, அதாவது ஹெச்பிஏ1சி. சீட்டில் 8.6 என்று இருக்கிறது. நான் 8-க்குக் கீழே கொண்டுவந்த பிறகே ஊசிக்கு ஒத்துக்கொள்வேன். ஏற்கெனவே உயரத்தில் இருக்கிறவருக்கு ஏற்றமும் கூடுதலாக வரும் என்பது ஒரு காரணம். ஊசி போட்ட மூட்டில் கிருமி புகுந்தால் உயர்ந்த சுகர் அதற்குத் தீனி போடும் என்பது இன்னொன்று. மற்றபடி, ஒரு ஊசியால் ஏறுகிற ஐந்தாறு நாள் சுகர் இந்த மூன்று மாத சராசரியைப் பெரிதாக அசைப்பதில்லை. அதனால்தான் நல்ல கட்டுப்பாட்டில் இருக்கிற சுகர்காரருக்கு ஊசியே கூடாது என்று யாரும் சொல்வதில்லை.

அப்புறம், ஊசிக்கு முந்தைய நாளே உங்கள் சுகர் டாக்டரிடம் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்: எவ்வளவு ஏறினால் எந்த வேளை மருந்தைக் கூட்டுவது, எந்தத் தேதியில் நிறுத்துவது. நிறுத்தும் தேதி கட்டாயம் வேண்டும். பலருக்கு ஒன்றுமே கூட்ட வேண்டியிருக்காது. உங்கள் அம்மாவின் எண்களை மட்டும் வைத்துச் சொன்னால், வழக்கமான மருந்தை அப்படியே கொடுத்து, மதியச் சோற்றைப் பாதியாக்கி, அந்த வாரம் மரச்சீனிக் கிழங்கையும் நேந்திரம் பழத்தையும் தள்ளிவைத்து, மீனும் பயறும் கீரையும் கூட்டியிருந்தால் போதுமாயிருந்திருக்கும். இன்சுலின் போடுகிறவர்களுக்கு ஏற்றம் கூடுதலாக இருக்கும். அவர்கள் அளவை டாக்டர் சொல்லித்தான் மாற்ற வேண்டும்.

வீட்டில் பார்க்கும் நேரம்: வெறும் வயிற்றில் ஒரு முறை, மதியம் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை, இரவும் அப்படியே. ஐந்து நாள். ஐந்தாம் நாளும் இறங்காவிட்டால் இன்னும் இரண்டு நாள். 300-க்கு மேல் அடுத்தடுத்து இரண்டு முறை வந்தால் டாக்டரைக் கூப்பிடுங்கள். 400-ஐத் தாண்டினாலோ, ஓயாமல் தாகமும் சிறுநீரும் போய்க்கொண்டிருந்தாலோ, வாந்தி எடுத்தாலோ, ஆள் மந்தமாகிவிட்டாலோ கூப்பிட்டுக்கொண்டிருக்காமல் நேரே போய்விட வேண்டும். மீட்டரில் எண்ணுக்குப் பதில் HI என்று வந்தால், அது அந்த மீட்டர் அளக்கக்கூடிய எல்லையைத் தாண்டிவிட்டது. மீட்டரைப் பொறுத்து 500 அல்லது 600-க்கு மேல். மீட்டர் வணக்கம் சொல்கிறது என்று நினைத்து ஒரு பெரியவர் சிரித்துக்கொண்டே வந்தார். அவரை உடனே அட்மிட் செய்ய வேண்டியிருந்தது.

ஊசி தேதியைக் கல்யாணத்தை ஒட்டி வைக்காதீர்கள். நம் பக்கத்தில் இது வழக்கமாகவே ஆகிவிட்டது. பேத்தி கல்யாணத்துக்கு நிற்க வேண்டும், அதனால் இரண்டு நாள் முன்னால் ஒரு ஊசி என்று கேட்டு வருகிறார்கள். சுகர் உச்சத்தில் இருக்கிற அந்த நாளில் பந்தியில் உட்கார்ந்து பாயசம் ஒன்று, பிரதமன் ஒன்று என்று இலையில் விட்டுக்கொள்வார்கள். பத்து நாள் முன்னால் போட்டால் வலிக்கும் அப்போது நல்ல நிவாரணம் இருக்கும், சுகரும் இறங்கியிருக்கும்.

இப்போது எத்தனை தடவை என்ற கேள்வி. இதற்கு இரண்டு கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்று முழங்காலுக்கு, இன்னொன்று உடம்புக்கு.

முழங்கால் கணக்கில், ஒரே மூட்டில் இரண்டு ஊசிக்கு நடுவே குறைந்தது மூன்று மாதம். ஆண்டுக்கு மூன்று, மிஞ்சிப்போனால் நான்கு. அந்த நான்கையும் ஆண்டுதோறும் வாங்கிக்கொள்ளலாம் என்பது இல்லை. அமெரிக்காவில் 140 பேரை இரண்டு பங்காகப் பிரித்து, முழங்கால் தேய்மானமும் வீக்கமும் இருந்தவர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை, இரண்டு ஆண்டுகள், ஒரு பங்குக்கு டிரையம்சினோலோன் 40 மி.கி., இன்னொரு பங்குக்கு வெறும் உப்புத் தண்ணீர் போட்டுப் பார்த்தார்கள். 2017-இல் முடிவு வந்தது. குருத்தெலும்பின் தடிமன் ஸ்டீராய்டு போட்டவர்களுக்கு 0.21 மி.மீ. குறைந்திருந்தது, உப்புத் தண்ணீர் போட்டவர்களுக்கு 0.10 மி.மீ. வலியில் இரண்டு பங்குக்கும் சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசமே இல்லை. ஒரு ஊசி போட்டால் மூட்டு அழுகிவிடும் என்று கவலைப்படுகிறவர்களுக்கு இது ஆறுதல். மூன்று மாதத்துக்கு ஒன்று என்று கடிகாரம் பார்த்துப் போடுகிறவர்களுக்கு இது கேள்வி. மாதாமாதம் போட்டுக்கொள்கிறவரை என்னிடம் வரச் சொன்னால், முதலில் அந்த ஊசி என்ன என்றுதான் கேட்பேன். மூட்டுக்குள் போடும் ஜெல் ஊசியாக இருந்தால் அது வேறு. சுகரை ஏற்றாது, பலனும் பெரிதாக எதிர்பார்க்க முடியாது. ஸ்டீராய்டாக இருந்தால், மாதாமாதம் போடும் அளவுக்கு எந்த முழங்காலும் தாங்காது.

இந்த ஊசியின் பலன் வழக்கமாக நான்கிலிருந்து ஆறு வாரம். சிலருக்கு மூன்று மாதம் வரை. நீர் கோத்து, சூடாக வீங்கியிருக்கிற முழங்காலுக்குப் போட்டால் பலன் தெரியும். எலும்போடு எலும்பு உரசுகிற அளவுக்குத் தேய்ந்து, கால் வில்லாக வளைந்துவிட்ட மூட்டில் பெரும்பாலும் ஏமாற்றம்தான். இரண்டாவது ஊசியின் நிவாரணம் இரண்டு மூன்று வாரத்தில் கரைந்துபோனால் மூன்றாவதைப் போட நான் ஒத்துக்கொள்வதில்லை. அந்தக் கட்டத்தில் மூட்டு மாற்று அறுவையைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும். அறுவைக்குத் தேதி குறிப்பதாக இருந்தால் அதற்கு முந்தைய மூன்று மாதம் அந்த மூட்டில் ஊசியே கூடாது. கிருமித் தொற்று அதிகமாகிறது.

உடம்புக் கணக்கைத்தான் டாக்டர்களும் கோட்டை விடுகிறோம். என் அனுபவத்தையே சொல்கிறேன். ரப்பர் பால் வெட்டுகிற ஒருவர், ஐம்பத்தெட்டு வயது, சுகர் உண்டு. தோள்பட்டை இறுகிக் கையைத் தூக்க முடியவில்லை என்று வந்தார். நான் தோளில் ஊசி போட்டேன். மூன்றாம் நாள் சுகர் 430. விசாரித்தால், ஐந்து வாரத்துக்கு முன்னால் ஒருவர் முழங்காலில் போட்டிருக்கிறார், பத்து நாளுக்கு முன்னால் இன்னொருவர் குதிகாலில். மூன்றும் தனித்தனியாகப் பார்த்தால் சரியான ஊசிகள்தான். "வேறு எங்காவது ஊசி போட்டீர்களா?" என்று நான் கேட்கவில்லை, "முன்னால் தோளில் போட்டீர்களா?" என்று கேட்டேன், அவர் உண்மையாகவே இல்லை என்றார். மூட்டுக்கு மூட்டு கணக்கு வேறு, ரத்தத்துக்கு எல்லாம் ஒன்றே. இப்படி அடுத்தடுத்துப் போட்டால் சுகரோடு நிற்காது. நம் உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டான கார்டிசோல் ஒரு ஊசிக்கே ஒன்றிரண்டு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் மந்தமாகும். அது எழுந்திருக்கும் முன் அடுத்த ஊசி வந்தால் சோர்வும் தலைசுற்றலுமாக ஆள் தளர்ந்துபோவார்.

இந்தக் கணக்கில் கண்ணுக்குத் தெரியாமல் சேர்வது இன்னொன்று. மூட்டு வலிக்கு என்று லேபிள் இல்லாத பொட்டலத்தில் விற்கும் பொடியும், கடையில் பெயர் சொல்லாமல் பிரித்துக் கொடுக்கும் குட்டி வெள்ளை மாத்திரையும். ஒரே நாளில் வலி பறந்துவிட்டது, பசி கூடிவிட்டது, முகம் உப்பிவிட்டது என்றால் அதற்குள் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். அம்மா அப்படி எதையாவது சாப்பிடுகிறாரா என்று கேட்டுப் பாருங்கள். சாப்பிடுகிறார் என்றால் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம். டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டி, குறைத்துக் குறைத்து நிறுத்த வேண்டும்.

இடது காலுக்கு வருகிறேன். அது வேறு மூட்டு என்பதால் முழங்கால் கணக்கில் மூன்று மாதம் காத்திருக்க வேண்டியதில்லை. உடம்புக் கணக்கில் காத்திருக்க வேண்டும். இரண்டு முழங்காலிலும் ஒரே நாளில் போடுவது 40-க்குப் பதில் 80 மி.கி.; 8.6 இருப்பவருக்கு அதை நான் செய்ய மாட்டேன். ஊசி போட்டு ஒரு மாதம் ஆகிவிட்டது, ஆனால் சராசரி இன்னும் அப்படியே. அடுத்த இரண்டு மாதம் மருந்தைச் சீராக்கி 8-க்குக் கீழே வந்த பிறகு, இடது முழங்காலில் வீக்கமும் இருந்தால், தாராளமாகப் போடலாம். வீக்கம் இல்லாமல் வெறும் வலி என்றால் ஊசியைவிட, வலது காலில் வலி குறைந்திருக்கிற இந்த நாள்கள் பிசியோதெரபிக்கு நல்ல நேரம். தொடையின் முன்பக்கத் தசை வலுவானால் முழங்காலில் விழும் சுமை குறையும். நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும் வரை தூக்கிப் பிடித்து இறக்குவது, ஒவ்வொரு காலுக்கும் பத்துப் பத்தாக, நாளைக்கு மூன்று வேளை. அம்மா தரையில் சம்மணமிட்டு உட்காருவதையும் மணைப்பலகையையும் விட வேண்டும். முப்பது வருடப் பழக்கம், சண்டை போடுவார், தெரியும்.

ஊசி போட்ட அன்று அல்லது மறுநாள் முழங்கால் கொஞ்சம் கூடுதலாக வலிப்பது உண்டு. மருந்துத் துகள்கள் உறுத்துவதால் வருவது. துணியில் சுற்றிய ஐஸ் வைத்தால் இரண்டு நாளில் அடங்கும். முகம் சிவந்து சூடாவதும் அப்படியே. ஆனால் இரண்டு நாளுக்குப் பிறகு வலி குறைவதற்குப் பதில் ஏறினால், மூட்டு சூடாகி மடக்கவே முடியாமல் போனால், காய்ச்சல் வந்தால், அது மூட்டுக்குள் சீழ். அபூர்வம்தான், ஆனால் சுகர் இருப்பவருக்கு ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. வீட்டில் கிடக்கும் ஆன்டிபயாடிக்கை விழுங்கவைத்துப் பார்க்காதீர்கள். மூட்டிலிருந்து நீரை எடுத்துச் சோதிப்பதற்கு அது இடைஞ்சல். அசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியோ பக்கத்தில் எலும்பு டாக்டர் இருக்கிற எந்த ஆஸ்பத்திரியோ, அன்றே போய்விடுங்கள். ஊசி போட்ட முழங்காலில் ஒரு வாரத்துக்கு எண்ணெய் தேய்த்துப் பிடிப்பதும் வேண்டாம். வர்ம ஆசானிடம் போகிற வழக்கம் இருந்தால் ஊசி போட்ட தேதியை அவரிடமும் சொல்லிவிடுங்கள்.

காலில் ஆறாத புண்ணோ, சிறுநீரில் எரிச்சலோ, பல்லில் சீழோ இருக்கும்போது ஊசியைத் தள்ளிப்போட வேண்டும். சுகர்காரர்கள் பாதத்தைத் தானாகப் பார்ப்பது குறைவு. அதனால் அடுத்த முறை ஊசிக்குக் கிளம்பும் முந்தைய இரவு அம்மாவின் இரண்டு பாதத்தையும், விரல் இடுக்கு உட்பட, விளக்கு வெளிச்சத்தில் நீங்களே பார்த்துவிடுங்கள். சுகர் நோட்டின் கடைசிப் பக்கத்தில் "வலது முழங்கால், டிரையம்சினோலோன் 40" என்று போன மாதத் தேதியோடு எழுதிவைத்து, எந்த டாக்டரிடம் போனாலும் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.